உப்புக் குவியலில் எந்த மணி கடைசி மணி?

வாலிநோக்கம் பக்கத்து உப்பளங்களில், பாத்தியிலிருந்து வாரிய உப்பு வரப்போரம் வெள்ளையாகக் குவிந்து கிடக்கும். அது குவியல் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அதிலிருந்து ஒரே ஒரு மணியை எடுத்துவிட்டால் அது குவியல் அல்லாமல் போய்விடுமா என்றால், போகாது என்போம். இந்த இரண்டையும் ஒப்புக்கொண்டால், மணி மணியாக எடுத்துக்கொண்டே போய், மிஞ்சிய ஒற்றை மணியையும் குவியல் என்றே சொல்ல வேண்டியதாகிறது. கி.மு. 4ஆம் நூற்றாண்டின் கிரேக்கத் தருக்கவாதி யூபுலிடீஸின் பெயரால் வழங்கும் புதிர் இது.

ஒற்றை மணி குவியல் அல்ல என்பதால், 'ஒரு மணியால் எதுவும் மாறாது' என்ற கூற்றைத்தான் கைவிட வேண்டும். ஆனால் உண்மை, பொய் என்ற இரண்டை மட்டும் ஏற்கும் தருக்கத்தில் அதைக் கைவிட்டால், இந்த எண்ணிக்கை வரை குவியல், அதற்கு ஒன்று குறைந்தால் குவியல் அல்ல என்ற ஓர் எல்லை இருந்தே தீர வேண்டும். அப்படி ஓர் எல்லை உண்டு, நம்மால்தான் அதை அறிய முடியாது என்று மெய்யியலாளர் திமொத்தி வில்லியம்சன் 1994இல் விரிவாக வாதிட்டார். அவருடைய வாதம் வலுவானது. ஆயினும் என்னால் அதை ஏற்க முடியவில்லை. குவியல் என்ற சொல்லைக் கண்ணால் பார்த்தே வழங்குகிறோம், எண்ணிப் பார்த்து அல்ல. கண்ணுக்கே தெரியாத வேறுபாட்டில் அந்தச் சொல்லின் எல்லையை எது கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்?

உண்மைக்குப் படிநிலை உண்டு என்பது இன்னொரு விடை. ஒரு லட்சம் மணிக்கு உண்மையின் அளவு 1, மணியே இல்லாதபோது 0 என்று வைத்து, ஒவ்வொரு மணிக்கும் லட்சத்தில் ஒரு பங்கு குறைப்போம். அப்போது 'இது குவியல் என்றால், ஒரு மணி குறைந்தாலும் குவியலே' என்ற ஒவ்வொரு படியும் ஏறத்தாழ முழு உண்மையாகவே இருக்கும். அதனால்தான் நாம் மறுக்காமல் தலையசைக்கிறோம். ஆனால் அந்தச் சிறு குறைகள் லட்சம் முறை சேரும்போது உண்மை முழுவதும் கரைந்துவிடுகிறது. நாம் ஏமாறுவது ஏன் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் விளக்கம் வேறில்லை என்பேன். ஆயினும் அளவு எந்த மணியில் முதன்முதலாக 1க்குக் கீழே இறங்குகிறது என்று கேட்டால், தவிர்க்க நினைத்த கூரிய எல்லை அங்கே மறுபடி வந்து நிற்கிறது. ஐயத்துக்குரிய பகுதி எங்கே தொடங்குகிறது என்பதும் ஐயத்துக்குரியதே.

எல்லை தேவைப்படும் இடத்தில் நாமே அதை வகுத்துக்கொள்கிறோம். கடலோர ஒழுங்குமுறை விதிகள், கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் உயர் ஓதக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 500 மீட்டர் என்று அளவு வைத்ததும் அப்படித்தான். அந்தக் கோட்டைத் தாண்டி ஓரடி தள்ளி நிற்கும் வீட்டுக்கு விதி மாறும். ஆனால் அந்த வீட்டைக் கடலோர வீடு என்று சொல்வதை ஏர்வாடியிலோ கீழக்கரையிலோ யாரும் நிறுத்திவிட மாட்டார்கள்.