வாலட்டில் போட்டால் அது ரீஃபண்ட் ஆகாது

பினாங்கில் என் வீட்டுக்கு வந்து சேர்ந்த கிரைண்டரின் கல்லில் விரிசல் இருந்ததால் அன்றே திருப்பி அனுப்பினேன். நான்கு நாள் கழித்து, கடன் அட்டையில் நான் செலுத்திய 389 ரிங்கிட், கடையின் செயலியில் வாலட் இருப்பாக வந்து கிடந்தது. அட்டைக்கான பில்லை நான் கட்ட வேண்டும், என் பணம் மட்டும் அவர்களிடமே சுழல வேண்டும் என்றால், இது எந்த ஊர் நியாயம்?

அந்த இருப்பில் ஒரு சென் கூட நான் தொடவில்லை. தொட்டால், நான் அதற்கு ஒப்புக்கொண்டதாகக் கடை வாதிட இடம் கிடைத்துவிடும். “பணம் திருப்பியாயிற்று” என்று அவர்கள் எழுதியபோது, அட்டைப் பரிவர்த்தனையை வங்கியில் தேடிப் பார்க்க உதவும் ஏ.ஆர்.என். எண்ணைக் கேட்டேன். அட்டை வழியாகப் பணம் திரும்பினால் 23 இலக்கம் கொண்ட அந்த எண் இருக்கும்; வாலட்டில் போட்டதற்கு இருக்காது. அவர்களால் தர முடியவில்லை.

கூரியர் ரசீதையும் வாலட் திரையின் படத்தையும் இணைத்து, வாலட் தொகையை ரத்து செய்து 7 வேலை நாளுக்குள் அதே அட்டைக்கு அனுப்புமாறும், தவறினால் அட்டையில் செலுத்திய பணத்தைக் கடையிடமிருந்து வங்கி வழியாகவே மீட்கும் சார்ஜ்பேக்கைக் கோருவேன் என்றும் மின்னஞ்சல் அனுப்பினேன். தொலைபேசியில் பேசியிருந்தால் கையில் ஆதாரம் ஏதும் இருந்திராது. ஐந்தாம் நாள் தொகை அட்டைக்கு வந்தது.