வாடகைச் சிட்டையில் வற் இலக்கம் எங்கே?

வாடகைக்குச் சரியான விலைப்பட்டியல் கேட்டால் அது கடைச் சொந்தக்காரரைச் சந்தேகிப்பதாம். ஹட்டனில் அச்சகம் நடத்தும் எனக்கு அண்மையில் கிடைத்த பட்டம் இது. "இத்தனை வருடப் பழக்கத்தில் இப்போதுதான் கணக்குக் கேட்கிறீர்களா தம்பி?" என்றார் முதலாளி. நல்ல மனிதர்தான். மழையில் கூரை ஒழுகினால் அன்றே ஆள் அனுப்புவார். ஆனால் 80,000 ரூபாய் வாடகைக்கு மேல் வற் என்று 18 சதவீதம், அதாவது 14,400 ரூபாய் வாங்கிக்கொண்டு, புத்தகக் கடையில் விற்கும் பற்றுச்சீட்டில் "வாடகை 94,400" என்று ஒரே வரியில் எழுதிக் கொடுத்தால் நான் என்ன செய்வது?

ஹோட்டல்களும் தேயிலைக் கம்பனிகளும் வரி விலைப்பட்டியல் கேட்பதால் என் அச்சகமும் வற்றுக்குப் பதிவானதுதான். வாடிக்கையாளரிடம் அறவிடும் வரியில் இந்த 14,400 ரூபாயை நான் கழிக்கலாம். அதற்குச் சிட்டையில் வரி விலைப்பட்டியல் என்ற தலைப்பும் தொடர் இலக்கமும் திகதியும் வேண்டும். இருவருடைய பெயர், முகவரி, வற் இலக்கம் வேண்டும். வாடகை வேறாக, வரி வேறாகக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

கேட்டதும் அவர் ஒன்பது இலக்க எண் ஒன்றைக் குறித்துக் கொடுத்தார். பலர் ஏமாறும் இடம் இதுதான். அது வரி செலுத்துநர் அடையாள இலக்கம், நாம் டின் என்று சொல்வது. வற்றுக்குப் பதியாதவரிடமும் அது இருக்கும். வற் இலக்கமோ அந்த ஒன்பதுக்குப் பின்னால் ஒரு கோடு போட்டு 7000 என்று முடியும். சான்றிதழின் பிரதியைக் கேட்டேன். முகம் சுருங்கினாலும் கொடுத்தார். அதில் இருந்தது அவருடைய ஹார்ட்வெயார் கம்பனியின் பெயர். கட்டடத்தின் உறுதியும் வாடகை ஒப்பந்தமும் அவருடைய சொந்தப் பெயரில். கம்பனி வேறு, அவர் வேறு. தனி ஆளாக அவர் வற்றுக்குப் பதியவே இல்லை.

பதியாதவர் வற் அறவிடுவதே சட்டப்படி தவறு. கம்பனி இலக்கத்தை இந்தச் சிட்டையில் போட்டாலும் சரிவராது, ஏனென்றால் கடையை எனக்குத் தந்தது கம்பனி அல்ல. இதைச் சொன்னபோது, "வரிக்காரர்களை வீட்டுக்கு அழைத்து வருகிறீர்கள்" என்று கோபப்பட்டார். என்னிடம் வரி என்று வாங்கிய பணம் எங்கே போனது என்று நான் பதிலுக்குக் கேட்கவில்லை. பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே!

இப்போது வாடகைக் கணக்கு 80,000 ரூபாய் மட்டும்தான். முன்பு கூடுதலாக வாங்கியது மாதாமாதம் வாடகையில் கழிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில், அவர் தன் பெயரில் பதிந்தால் வற் வாடகைக்கு மேலா, உள்ளடங்கலா என்று எழுதவேண்டும் என்றிருக்கிறேன். உள்ளடங்கல் என்றால் 80,000 ரூபாயில் 12,203 ரூபாய் வரியாகிவிடும், அவர் கைக்கு 67,797 தான். அதைக் கேட்டபிறகு அவரும் ஒப்பந்தத்தை ஒருமுறை வாசித்துப் பார்க்கவேண்டும் என்கிறார்.