அந்தப் பாட்டுக்குப் பேர் என்ன?

போன வாரம் டவுன் பஸ்ஸில் எஃப்எம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பாட்டின் முன்னிசை ஆரம்பித்ததுமே மனசு அதில் ஒட்டிக்கொண்டது. ஆனால் ஆர்ஜே அதன் மேலேயே பேசினார். என்ன படம், யார் பாடியது என்று சொல்லியும் இருப்பார். டிரைவர் ஹாரன் அடித்ததில் எனக்குக் கேட்கவில்லை. பாட்டு முடிந்ததும் நேராக விளம்பரம். பேர் தெரியாமலே இறங்கவேண்டியிருந்தது.

எஸ்.பி.பி. குரல் மாதிரி இருந்தது. வார்த்தைகளில் 'தென்றலே' மட்டும்தான் தெளிவாகக் காதில் விழுந்தது. தமிழ்ப் பாட்டில் தென்றலை வைத்துத் தேடினால் எங்கே போய் முடியும்?

பாட்டு ஓடும்போதே கைபேசியில் பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலியை இரண்டு தடவை திறந்தேன். முதல் தடவை, ஆர்ஜே பேசிக்கொண்டிருந்தபோது. ஒன்றும் கிடைக்கவில்லை. இதற்குக் காரணம் உண்டு. அப்படிப்பட்ட செயலியான ஷாசாம் எப்படி வேலை செய்கிறது என்பதை அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஏவரி வாங் 2003-லேயே எழுதிவிட்டார். ஒலியில் எந்த நொடியில் எந்தச் சுருதி ஓங்கி நிற்கிறது என்று அந்த உச்சங்களை மட்டும் புள்ளிகளாகக் குறித்துக்கொள்ளும். பிறகு இரண்டிரண்டு புள்ளிகளாகச் சேர்த்து, அவற்றுக்கு நடுவே எவ்வளவு நேர இடைவெளி என்று பார்த்து, தன் சேமிப்போடு ஒப்பிடும். எல்லாப் புள்ளியும் பொருந்த வேண்டியதில்லை, கொஞ்சம் பொருந்தினாலே போதும். அதனால்தான் டீக்கடை இரைச்சலிலும் பாட்டைப் பிடித்துவிடுகிறது. ஆனால் வானொலியில் ஒருவர் பேசும்போது பாட்டின் ஒலியைத் தாழ்த்திவிடுகிறார்கள். அப்போது ஓங்கி நிற்கும் உச்சங்கள் பெரும்பாலும் பேசுகிறவருடைய குரலாகவே இருக்கும், இசையின் புள்ளிகள் அதில் அமுங்கிப்போகும். அந்த நேரத்தில் செயலியோடு மல்லுக்கட்டுவது வீண். பேச்சு முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

இரண்டாவது தடவை, பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் வரும் இடையிசையில் பிடித்தேன். குரல் இல்லை, வாத்தியங்கள் மட்டும். உடனே பதில் வந்தது: 'ஆமனி பாடவே', எஸ்.பி.பி., தெலுங்கு. நான் கேட்டது தமிழ்ப் பாட்டு! செயலி தப்பாகச் சொல்கிறது என்று மூடிவைத்துவிட்டேன். அங்கேதான் தவறு செய்தேன்.

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து யோசித்தபோதுதான் உறைத்தது. அந்தத் தெலுங்குப் பாட்டு 1989-ல் வந்த மணிரத்னத்தின் 'கீதாஞ்சலி' படத்தில் வருவது. இசை இளையராஜா. அதே படம் தமிழில் 'இதயத்தை திருடாதே' என்று டப் ஆகி வந்தது. டப்பிங் படங்களில் பெரும்பாலும் வாத்திய இசையை அப்படியே வைத்துக்கொண்டு பாடுகிற குரலை மட்டும் மாற்றுவார்கள். அதனால் இடையிசையை மட்டும் கேட்கும் செயலிக்கு இரண்டு மொழியும் ஒன்றுதான், இரண்டில் ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடும். தமிழ்ப் படத்தின் பாட்டுப் பட்டியலைத் திறந்தேன். 'காவியம் பாடவா தென்றலே'. நான் எஸ்.பி.பி. என்று நினைத்தது மனோவின் குரல். இரண்டு பேர் குரலையும் குழப்பிக்கொள்வது எனக்கு மட்டும் நடப்பதில்லை. இருந்தாலும் என் காதையே நம்பி எஸ்.பி.பி.யின் தமிழ்ப் பாட்டுகளில் தேடியிருந்தால் விடிந்தாலும் கிடைத்திருக்காது.

இப்போது நான் செய்வது இதுதான். இடையிசையில் ஒரு தடவை, பாடும்போது ஒரு தடவை, இரண்டு தடவையாகப் பிடிக்கிறேன். இடையிசை மெட்டைக் காட்டிக்கொடுக்கும், குரல் வரும் இடம் எந்த மொழி, யார் பாடியது என்று காட்டிக்கொடுக்கும். இரண்டும் வேறு பேர் சொன்னால் செயலியைக் குறை சொல்லாமல், அது டப்பிங் பாட்டா என்று பார்க்கிறேன். காதில் விழுந்த ஒரு வார்த்தை, அலைவரிசை, மணி, நிமிஷம் எல்லாவற்றையும் உடனே குறித்துக்கொள்கிறேன். எதுவுமே பிடிபடாவிட்டால் நிலையத்துக்கு எழுதிக் கேட்க அந்த நிமிஷம் வேண்டும். "சாயங்காலம் போட்டீர்களே" என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு பாட்டின் பேருக்காக இவ்வளவு பாடு ஏன் என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. அந்தக் காலத்தில் வானொலி நிலையத்தில் படம், பாடியவர், இசையமைத்தவர் என்று நிறுத்தி நிதானமாகச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் இசைத்தட்டைச் சுழலவிடுவார்கள். அதைக் கேட்டே வளர்ந்தவன் நான். முன்னிசையும் இசையமைப்பாளர் உட்கார்ந்து எழுதியதுதான், பேசுவதற்காக விட்ட காலியிடம் இல்லை. சரி, பேசத்தான் வேண்டும் என்றால் பேசுங்கள். பாட்டு முடிந்ததும், விளம்பரத்துக்குப் போகும் முன் இன்னொரு தடவை பேரைச் சொல்லுங்கள். ஐந்து நொடிகூட ஆகாது. நடுவில் வந்து சேர்ந்தவனுக்கும், ஹாரன் சத்தத்தில் தவறவிட்டவனுக்கும் பாட்டு பிடித்திருக்கிறதா என்று தெரிவதே முடியும்போதுதான்.

அன்று ராத்திரி ஹெட்போனில் அந்த முன்னிசையை நாலு தடவை கேட்டேன்.