ஒரு குறள் போதும், அதை ஆறாவது நிமிடத்தில் வையுங்கள்

மதுரைப் பக்கம் திருவிழா மேடைகளில் பட்டிமன்றம் பேச வருகிற புதியவர்கள் பலர், வணக்கம் சொன்ன கையோடு ஒரு பாட்டை எடுத்து விடுகிறார்கள். அப்போது கூட்டம் இன்னும் பாய் விரித்துக்கொண்டிருக்கும். பாட்டு வீண். கிடைப்பதே பத்து நிமிடம். அதில் நான்கு பாட்டு சொன்னால் அது பேச்சல்ல, மனப்பாடப் போட்டி.

தலைப்பு ‘இல்லறம் இனிக்கப் பெரிதும் தேவை அன்பா, பொருளா?’ என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு வாய்த்தது பொருள் அணி. கஷ்டமான அணிதான், கைதட்டலெல்லாம் அன்பு அணிப் பக்கம் போகும். அதனால் முதலில் சிரிக்க வையுங்கள்:

“நடுவர் அவர்களே! ‘அன்பா ஒரு முழம் மல்லி வாங்கிட்டு வாங்க’ன்னு வீட்டுல சொல்றாங்க. மார்கழி மாசம் மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்ல போய் அன்பை நீட்டிப் பாருங்க. பூக்காரம்மா முழத்தைக் காட்ட மாட்டாங்க, முழங்கையைக் காட்டுவாங்க!”

சிரிப்பு அடங்கும்வரை வாயைத் திறக்காதீர்கள். அடங்கிய அந்த இடம்தான் குறளுக்கு:

அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும்
செல்வச் செவிலியால் உண்டு.

‘அருளென்னும்’, ‘பொருளென்னும்’ இரண்டையும் அழுத்துங்கள், எதுகை தானாகக் காதில் விழும். பலர் சறுக்குவது ‘அன்பீன்’ என்ற இடத்தில். அதை ‘அன்பின்’ என்று குறுக்கிவிட்டால் ‘அன்பு ஈன்ற’ என்ற பொருள் போய்விடும். பிள்ளையைப் பெற்றவள் இல்லாமல் அதை வளர்க்கிற செவிலி மட்டும் எதற்கு? அடுத்து நீங்கள் சொல்லப்போகிற விளக்கமும் எடுபடாது. ‘உண்டு’ என்பதற்குச் ‘சாப்பிட்டு’ என்று விளக்கம் சொல்பவர்களும் உண்டு. இங்கே அது ‘உளதாகும்’. செவிலி இருப்பதால்தான் பிள்ளை பிழைத்துக் கிடக்கிறது.

இரண்டு முறை சொல்லிவிட்டு, பதவுரைக்குப் போகாமல் ஒரே மூச்சில் இறக்குங்கள்: “பெத்தது அன்புதான், ஒத்துக்கிறோம். பால் ஊத்தி வளர்த்தது யாருய்யா? காசு!”

ஆனால் இந்தக் குறளுக்கு இரண்டு பக்கமும் கூர். உங்களுக்குப் பின்னால் பேசுபவர் விவரமானவர் என்றால் “செவிலி செவிலிதான், தாயாக முடியுமா?” என்று திருப்பி அடிப்பார், அரங்கம் அவர் பக்கம் சாயும். ஆகவே அந்தக் கேள்வியை நீங்களே கேட்டு முடித்துவிடுங்கள்: “செவிலி தாயாக முடியாதுதான். ஆனா இந்தக் குறளை ஐயன் எங்க வச்சிருக்கார்? அன்புடைமையிலயா? அருளுடைமையிலயா? பொருள் செயல்வகையில வச்சிருக்கார்!” நூலையே சாட்சிக்கு இழுத்த பிறகு எதிரணிக்கு வேறு வழி தேட வேண்டியிருக்கும்.

அதன் பிறகு இன்னொரு நகைச்சுவைக்கு ஆசைப்பட்டால் குறள் கலைந்துபோகும். உங்கள் கட்சியை ஒரு வரியில் சொல்லிவிட்டு, நடுவர் மணி அடிக்குமுன் உட்கார்ந்துவிடுங்கள்.