10:58க்கு கேட்டில் நின்றேன், 200 ரூபாய் போச்சு

சனிக்கிழமை ராத்திரி 10:58. பெங்களூரு சர்ஜாபூர் ரோட்டில் ஒரு பெரிய அப்பார்ட்மென்ட் கேட். கையில் டெலிவரி கொடுக்க வேண்டிய பிரியாணிப் பை, மொபைலில் அன்றைய இருபதாவது ஆர்டர். பதினொரு மணிக்குள் அதைக் கொடுத்து முடித்தால் இன்சென்டிவ் 420 ரூபாய், முடியாவிட்டால் 220. செக்யூரிட்டி என் பெயர், வண்டி நம்பர், ஃபிளாட் நம்பர் எல்லாம் எழுதச் சொல்கிறார், எழுதுகிறேன். டெலிவரிக்காரர்கள் சர்வீஸ் லிஃப்டில்தான் போக வேண்டும் என்கிறார், அது அடுத்த பிளாக்கின் பின்பக்கம் இருக்கிறது. கஸ்டமர் கதவைத் திறந்து பையை வாங்கி, நான் டெலிவர்டு பட்டனை அழுத்தியபோது மணி 11:06.

200 ரூபாய் போச்சு. இதற்கா இவ்வளவு குமுறல் என்று யாராவது கேட்டால், அன்றைக்கு என் கணக்கை அப்படியே சொல்கிறேன். இருபது ஆர்டருக்கும் சேர்த்துக் கிடைத்த கூலி 640. ஓடினது கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், பெட்ரோல் 250 ரூபாய்க்குப் பக்கம். இன்சென்டிவ் 420 வந்திருந்தால் கையில் 810 நின்றிருக்கும், 220 வந்ததால் 610 நின்றது. காலை பதினொன்றரைக்கு எஜிபுராவில் வீட்டை விட்டுக் கிளம்பி ராத்திரி பன்னிரண்டு மணிக்குத் திரும்பியவனுடைய ஒரு நாள் சம்பாத்தியத்தில் நாலில் ஒரு பங்கை எட்டு நிமிஷம் தின்றுவிட்டது. இதில் வண்டி தவணையை நான் இன்னும் கழிக்கவே இல்லை.

ஸ்லாட், அதாவது நாங்கள் முன்கூட்டியே எடுத்து வைக்கிற வேலை நேரம், எப்படி வேலை செய்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். எங்கள் ஆப்பில் அடுத்த வாரத்து ஸ்லாட் வியாழக்கிழமை சாயங்காலம் திறக்கும். ரேட்டிங் நன்றாக இருப்பவர்களுக்கு முதலில், மற்றவர்களுக்கு அப்புறம். சனி, ஞாயிறு ராத்திரி ஏழு முதல் பதினொன்று வரை உள்ள ஸ்லாட் திறந்த ரெண்டு மூன்று நிமிஷத்தில் நிரம்பிவிடும், ஏனென்றால் ஆர்டர் விழுகிற நேரம் அதுதான். ஆனால் ராத்திரி ஸ்லாட்டை மட்டும் எடுத்தால் இன்சென்டிவ் கிடையாது. மதியம் 12 முதல் 3, ராத்திரி 7 முதல் 11, ரெண்டையும் எடுக்க வேண்டும், ரெண்டிலும் கிட்டத்தட்ட முழு நேரமும் லாகினில் இருக்க வேண்டும், ஒரு நாளில் ஒரு ஆர்டருக்கு மேல் ரிஜெக்ட் பண்ணக் கூடாது. அப்படி இருந்தால்தான் 10 ஆர்டருக்கு 100, 15க்கு 220, 20க்கு 420 என்று படிப்படியாக வரும். இடையில் மூன்று மணியிலிருந்து ஏழு வரை உள்ள நாலு மணி நேரம் யார் கணக்கிலும் வராது. வீட்டுக்குப் போனால் பெட்ரோல் செலவு, போகாவிட்டால் ஏதாவது மரத்தடியில் வண்டி மேலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் லாகின் பண்ணி மூன்று ஆர்டர் எடுத்தேன், அவ்வளவுதான் வந்தது.

சரி, அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். மதியம் மூன்று மணிக்குள் ஏழு ஆர்டர். சாயங்காலம் மூன்று, மொத்தம் பத்து. ஏழு மணிக்கு மேல் நல்ல ஓட்டம், கோரமங்கலாவுக்குள்ளேயே சின்னச் சின்ன தூரமாக விழுந்தது, பத்து மணி தாண்டும்போது பத்தொன்பது முடிந்துவிட்டது. இன்னும் ஒன்றுதான், ஐம்பது நிமிஷம் கையில் இருக்கிறது. 10:14க்கு மணி அடித்தது. பிக்கப் ஐந்தாவது பிளாக், பக்கம்தான். டிராப் சர்ஜாபூர் ரோடு, எட்டு கிலோமீட்டர்.

அந்த இடத்தில் எனக்கு என்ன வழி இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். மதியம் பின் டயர் பஞ்சராகி ஒரு ஆர்டரை ரிஜெக்ட் பண்ணியிருந்தேன், அனுமதித்த ஒன்று அதிலேயே தீர்ந்தது. இதையும் தள்ளினால் 420 மட்டுமில்லை, ஏற்கெனவே சம்பாதித்த 220ம் சேர்ந்து போகும். எடுத்தால் நேரத்துக்குள் முடிக்க முடியுமா என்பது ஹோட்டல் கிச்சன் கையில். எடுத்தேன். 10:20க்குக் கடையில் நின்றேன். ஆப்பில் சாப்பாடு ரெடி என்று காட்டுகிறது, உள்ளே எட்டிப் பார்த்தால் என் ஆர்டர் சீட்டு ஐந்து சீட்டுக்குப் பின்னால் தொங்குகிறது. கவுன்டரில் இருந்த பையன் "எரடே நிமிஷ அண்ணா" என்றான், அந்த ரெண்டே நிமிஷத்தை நாலு தடவை சொன்னான். பை கைக்கு வந்தது 10:41க்கு.

இந்த ரெடி பட்டன் விஷயத்தைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், பாதி வயிற்றெரிச்சல் அங்கேதான் இருக்கிறது. சமையல் முடிவதற்கு முன்பே கடைக்காரர் ரெடி என்று அழுத்திவிடுகிறார், ஏனென்றால் லேட் என்று பதிவானால் அவருக்கு ரேட்டிங் அடி வாங்கும். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் கழுத்திலும் அதே கத்திதான். ஆனால் அவர் அழுத்திய அந்த நொடியிலிருந்து, ஆப்பின் கணக்கில் தாமதம் என்னுடையது. நான் காத்திருந்த 21 நிமிஷத்துக்கு வெயிட்டிங் காசு கேட்டால், சாப்பாடு ரெடியாக இருந்திருக்கிறது, நீங்கள்தான் எடுக்கவில்லை என்று சப்போர்ட் சாட்டில் பதில் வருகிறது. கிச்சன் வாசலில் மொபைலைப் பிடித்துக்கொண்டு நின்ற மனுஷனுக்கு அந்தப் பதில்! ஜிபிஎஸ்ஸில் நான் 10:20லிருந்து அந்த வாசலில் நிற்பது அவர்களுக்குத் தெரியாதா? ஒரு நிமிஷம் பாதை மாறிப் போனால் உடனே மெசேஜ் அனுப்பத் தெரிகிறதே.

அகரா தாண்டி இப்ளூர் சிக்னலில் மாட்டினேன். இருந்தாலும் 10:58க்கு கேட்டுக்கு வந்துவிட்டேன். அங்கேயே டெலிவர்டு அழுத்திவிட்டு அப்புறம் மேலே போயிருக்கலாம், லொக்கேஷன் சரியாகத்தான் காட்டும், பலர் அப்படிச் செய்கிறார்கள். சாப்பாடு கைக்கு வருவதற்கு முன்பே டெலிவர்டு என்று வந்துவிட்டது என கஸ்டமர் ஒரு புகார் கொடுத்தால் ஐடி பிளாக் ஆகும், எங்கள் ஏரியாவில் ஒரு தம்பிக்கு அப்படி ஆகி பத்து நாள் வேலை இல்லாமல் இருந்தான். அதனால் நான் அழுத்தவில்லை. யோக்கியமாக இருந்ததற்கு விலை 200 ரூபாய். திரும்பி வந்த எட்டு கிலோமீட்டருக்குக் காசு கிடையாது.

டீம் லீடருக்கு போன் பண்ணினால், "சிஸ்டம் கணக்கு, நான் ஒன்றும் பண்ண முடியாது" என்கிறார். அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார் பாருங்கள், "இன்சென்டிவ் போனஸ்தானே, சம்பளம் இல்லையே" என்று. இல்லைங்க. அது போனஸ் கிடையாது. பத்து மணிக்கு மேல் பாதிக் கடைகள் அடைக்க ஆரம்பிக்கும், ஆர்டர் குறையும். ஆனால் பதினொன்று வரை லாகினில் இருந்தால்தான் இன்சென்டிவ் என்பதால் ஒரு ஆள்கூட வீட்டுக்குப் போக மாட்டான். கடைசி ஒரு மணி நேரம் கோரமங்கலா ஐந்தாவது பிளாக்கில் போய்ப் பாருங்கள், ஒவ்வொரு கடை வாசலிலும் ஏழெட்டு வண்டி நிற்கும், எல்லோரும் மொபைலையே பார்த்துக்கொண்டிருப்போம். பதினெட்டு ஆர்டர் முடித்து நிற்பவன் ஒருவன், பத்தொன்பது முடித்தவன் ஒருவன், பதினாலு முடித்தவன் ஒருவன். வேண்டுமென்றே கடைசி ஆர்டரை நிறுத்துகிறார்கள் என்று எங்கள் பசங்க அடித்துச் சொல்கிறார்கள். என்னிடம் அதற்கு ஆதாரம் இல்லை, அதனால் நான் அதைச் சொல்லவில்லை. நிறுத்தவே தேவையில்லை என்பதுதான் என் பேச்சு. வேண்டியதற்கு மேல் ஆட்களை அந்த நேரத்தில் நிறுத்தி வைத்தாலே பாதிப் பேர் ஒன்று, ரெண்டு குறைவில் நின்றுவிடுவார்கள். திடீரென்று ஆர்டர் கூடினால் ஆள் தயாராக இருக்க வேண்டும் என்பதற்காக எங்களைக் காக்க வைக்கிறார்கள், அந்தக் காத்திருப்புக்கு உள்ள கூலியைத்தான் இன்சென்டிவ் என்று பெயர் வைத்து ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதையும் எல்லோருக்கும் கொடுப்பதில்லை. எத்தனை ஆர்டர் எனக்கு வரும் என்று முடிவு பண்ணுவதும் அவர்கள் ஆப், எத்தனை எடுத்தால் காசு என்று முடிவு பண்ணுவதும் அதே ஆப்.

ஞாயிறு காலையில் திறந்து பார்த்தால் இன்சென்டிவின் மேல் படி 20 ஆர்டரிலிருந்து 22 ஆகியிருக்கிறது, தொகை அதே 420. ஒரு வார்த்தை அறிவிப்பு இல்லை. வியாழக்கிழமை ஸ்லாட் எடுக்கும்போது 20 என்று காட்டியதை நம்பித்தானே நான் ஞாயிறு வேலையை ஒத்துக்கொண்டேன், ஊரில் தங்கச்சி வீட்டு விசேஷத்துக்குக்கூட வரவில்லை என்று சொன்னேன். கர்நாடகத்தில் எங்களைப் போல ஆப் மூலம் வேலை செய்கிற கிக் தொழிலாளர்களுக்கென்று 2025ல் சட்டம் வந்திருக்கிறது. ஒப்பந்த நிபந்தனையை மாற்றுவதென்றால் 14 நாள் முன்னால் சொல்ல வேண்டும் என்று அதில் இருக்கிறது, வேலையை எப்படிப் பிரித்துக் கொடுக்கிறார்கள், கூலியை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று கேட்கிற உரிமையும் இருக்கிறது. இன்சென்டிவ் படி நிபந்தனைக்குள் வராது, அது தினசரி ஆஃபர் என்று இவர்கள் சொல்லப் போகிறார்கள், எனக்குத் தெரியும். எங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிலிருந்து வருகிறது, அது நிபந்தனை இல்லையென்றால் வேறு எது நிபந்தனை?

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. ஆர்டரை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்களோ அந்த நேரத்தை வைத்து எண்ணுங்கள், 10:14க்கு ஸ்லாட்டுக்குள் கொடுத்த ஆர்டர் 11:06க்கு முடிந்தாலும் அது அந்த ஸ்லாட்டின் ஆர்டர்தான். கடை வாசலில் நான் நிற்கும் நேரத்தை கடைக்காரர் பட்டனை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், என் ஜிபிஎஸ்ஸை வைத்துப் போடுங்கள். பஞ்சர் ஆனதையும் வேண்டாமென்று தள்ளினதையும் ஒரே ரிஜெக்ட்டாக எண்ணாதீர்கள். ஸ்லாட் எடுக்கும்போது காட்டிய படியை அந்த வாரம் முடியும் வரை தொடாதீர்கள். இந்த நாலையும் மாற்ற சாஃப்ட்வேரில் எவ்வளவு வேலை ஆகிவிடும்?

நான் இனிமேல் ஒவ்வொரு ஆர்டருக்கும் ஆர்டர் வந்த நேரம், கடைக்குப் போன நேரம், பை கைக்கு வந்த நேரம், கொடுத்த நேரம் நாலையும் நோட்டில் எழுதப் போகிறேன், டார்கெட் பக்கத்தை தினமும் காலையில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைக்கப் போகிறேன். கோரமங்கலா, எஜிபுரா, பிடிஎம் பக்கம் ஓட்டுகிற அண்ணன் தம்பிகள் நீங்களும் எழுதி வையுங்கள். தனியாக நான் ஒருத்தன் போய் நின்றால் சிஸ்டம் கணக்கு என்று அனுப்பிவிடுவார்கள், முப்பது பேர் நோட்டோடு தொழிலாளர் துறை ஆபீஸுக்குப் போனால் அந்த வார்த்தையைச் சொல்ல முடியாது. வருகிறவர்கள் சொல்லுங்கள், திங்கள், செவ்வாய் மதியம் மூன்று மணிக்கு மேல் எனக்கு வேலை இல்லை.