இனாமாக ஒரு இலவச அன்பளிப்பு

மார்த்தாண்டத்தில் ஃபிளெக்ஸ் டிசைன் செய்து பிழைக்கிறேன். ஓணம் நெருங்கினால் தலைவலிதான். நேற்று ஒரு பர்னிச்சர் கடை அண்ணாச்சி எழுதிக்கொண்டு வந்த வாசகம்:

"முன்கூட்டியே முன்பதிவு செய்யும் அனைத்து வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் முற்றிலும் இலவச அன்பளிப்பு பரிசு!"

பத்து வார்த்தை. ஆறடி ஃபிளெக்ஸில் இதை அடைத்தால், ஓடுகிற பஸ்ஸில் இருப்பவருக்கு எறும்பு ஊர்வதுபோலத்தான் தெரியும்.

எதிர்ப்பதம் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். காசு வாங்கிக்கொண்டு தரும் அன்பளிப்பு உண்டா? இல்லை, 'இலவச' போகலாம். பிற்பாடு செய்யும் முன்பதிவு? 'முன்கூட்டியே'யும் போகலாம். (பழைய கடைக்காரர்கள் 'கடந்தகால வரலாறு' என்று வேறு போடச் சொல்வார்கள். எதிர்கால வரலாறு எந்த ஊரில் விற்கிறதோ!) மிஞ்சியது: "முன்பதிவு செய்யும் அனைவருக்கும் பரிசு". நான்கே வார்த்தை, எழுத்தும் பெரிசாச்சு.

அண்ணாச்சி விடவில்லை. "மக்கா, இலவசம்னு போடாட்டா எவன் வருவான்?"

சரி, அடுத்த வரியில் 'இலவச டெலிவரி' இருந்தது. டெலிவரிக்குக் காசு வாங்குகிறவர்கள் உண்டு, அங்கே அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது, தொடவில்லை. காட்டினேன், தலையாட்டினார்.

காலையில் வாட்ஸ்அப்: "பரிசுக்கு முன்னாடி இலவசம் சேத்துரு."