லீவ் லெட்டரில் எதை எழுத வேண்டும்?

வகுப்பாசிரியருக்கு எழுதும் விடுப்புக் கடிதத்தில் பாதி வரிகள் வீண் என்பது என் கட்சி. பல வருஷம் ஐந்தாம் வகுப்புக்கு கிளாஸ் டீச்சராக இருந்து, கட்டுக்கட்டாக வாங்கிப் படித்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நமக்கெல்லாம் மனப்பாடமான ஒரு வடிவம் இருக்கிறது. அனுப்புநர், பெறுநர், பொருள், 'எனக்குக் காய்ச்சல் காரணமாகப் பள்ளிக்கு வர இயலவில்லை, ஆகவே மூன்று நாட்கள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிந்த மாணவன்.' ஆங்கிலப் பள்ளி என்றால் 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்'. பரீட்சையில் கடிதம் எழுதச் சொன்னால் இதற்கு மார்க் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பையன் மூன்று நாள் வீட்டில் படுத்துக் கிடந்து, நாலாம் நாள் பையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கும்போது, முடிந்துபோன நாட்களுக்கு எதற்கு அனுமதி கேட்கிறீர்கள்? அதையும் அம்மா எழுதிவிட்டு, பையன் பேசுவது போல எழுதுவானேன்?

இன்னொரு சங்கடமும் உண்டு. நம் ஊரில் சித்தி கல்யாணத்துக்குப் போனாலும் காய்ச்சல், குலதெய்வம் கோயில் கொடைக்குப் போனாலும் காய்ச்சல். கையில் மருதாணி சிவந்திருக்கும், கடிதத்தில் கடுங்காய்ச்சல் இருக்கும். அதனால் உண்மையாகவே காய்ச்சலில் கிடந்த பிள்ளையின் கடிதத்தையும் ஆசிரியர் ஒரு பார்வை பார்த்துவிட்டு ரிஜிஸ்டருக்குள் சொருகிவிடுவார்.

இப்போது ஒரு நிஜக் கடிதத்துக்கு வருகிறேன். போன வருஷம் ஜூலையில் என் தங்கை போன் செய்தாள். "அக்கா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டுடுச்சு, நாளைக்கு ஸ்கூலுக்கு அனுப்பணும். லெட்டர் எப்படி எழுதுறது?" எந்த எந்த நாள் என்று கேட்டேன். "மூணு நாள்" என்றாள். தேதியைச் சொல்லச் சொன்னதும்தான் விஷயம் வெளியே வந்தது. காய்ச்சல் இருந்தது வியாழன், வெள்ளி, சனி. பள்ளிக்குப் போகாதது வியாழன், வெள்ளி, திங்கள். இரண்டும் மூன்று நாள்தான், ஆனால் அதே மூன்று நாள் இல்லை. அவள் '10ஆம் தேதி முதல் 14ஆம் தேதி வரை' என்று எழுத இருந்தாள். அப்படி எழுதினால் படிக்கிறவர் ஐந்து நாள் காய்ச்சல் என்று நினைப்பார். ஐந்து நாள் காய்ச்சல் என்றால் ஆசிரியருக்கு வரும் பயமே வேறு. வராத தேதிகளைத் தனியாகவும், காய்ச்சல் இருந்த நாட்களைத் தனியாகவும் எழுதச் சொன்னேன். திங்கட்கிழமை காய்ச்சல் இல்லை, ஓய்வுக்காக டாக்டர் இருக்கச் சொன்னார் என்றால் அதையும் அப்படியே எழுதலாம். ஒன்றும் குறைந்துவிடாது.

அதைவிட முக்கியமான வரி ஒன்று இருக்கிறது. கடைசியாகக் காய்ச்சல் மருந்து எப்போது கொடுத்தீர்கள்? காலையில் ஏழு மணிக்குப் பாராசிட்டமால் சிரப் கொடுத்து, உடம்பு ஜில்லென்று ஆனதும் வேனில் ஏற்றிவிடுகிற வீடுகள் உண்டு. வேலைக்குப் போகும் அம்மா அப்பாவின் நெருக்கடி எனக்கும் தெரியும். ஆனால் அந்த மருந்தின் வேலை நாலு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஆறு மணி நேரம். பதினோரு மணி வரை ஒழுங்காக இருக்கும் பிள்ளை பன்னிரண்டு மணிக்கு பெஞ்சில் தலை சாய்த்திருக்கும். தொட்டால் சுடும். அனுபவப்பட்ட ஆசிரியர்கள் காய்ச்சலுக்குப் பின் வரும் பிள்ளையை மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு தடவை தொட்டுப் பார்ப்பது இதனால்தான். மருந்து இல்லாமலே ஒரு முழு நாள் காய்ச்சல் வராமல் இருந்தால்தான் அனுப்பலாம் என்பது பொதுவாக டாக்டர்கள் சொல்லும் கணக்கு. 'ஞாயிறு முதல் மருந்து தரவில்லை, காய்ச்சலும் இல்லை' என்ற ஒரு வரி, தாழ்மையுடன் கேட்டுக்கொள்வதைவிட ஆசிரியருக்கு நூறு மடங்கு உபயோகம்.

என்ன காய்ச்சல் என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் எழுதுங்கள். நாமாக 'வைரல்', 'டைபாய்டு' என்று பெயர் வைக்க வேண்டாம். தங்கை மகனுக்கு ரத்தம் பார்த்து டெங்கு இல்லை என்று வந்திருந்தது. அதை அவசியம் எழுது என்றேன். மழைக்காலத்தில் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையின் அம்மா கேட்டால் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

கடைசியில் இப்படி முடிந்தது:

15.07.2025
வகுப்பாசிரியர் அவர்களுக்கு வணக்கம். 5ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் படிக்கும் என் மகன் (பெயர், வருகை எண்) 10, 11, 14 ஆகிய மூன்று நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. வியாழன் காலை முதல் சனி இரவு வரை காய்ச்சல் இருந்தது. டாக்டரிடம் காட்டினோம். ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை. திங்கட்கிழமை அவர் சொன்னபடி ஓய்வில் இருந்தான். ஞாயிறு முதல் மருந்து தரவில்லை, காய்ச்சலும் இல்லை. சோர்வு இருப்பதால் இந்த வாரம் ஓட விட வேண்டாம். உடம்பு சுட்டாலோ, வயிற்றுவலி, வாந்தி என்றாலோ உடனே என்னை அழையுங்கள் (எண்). விட்ட பாடங்களை வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுவான்.
(அம்மா பெயர், கையெழுத்து)

அந்த 'ஓட விட வேண்டாம்' சும்மா வந்ததில்லை. ஜூலை 15 காமராசர் பிறந்தநாள், பள்ளிகளில் கல்வி வளர்ச்சி நாள். பையன் ஓட்டப்பந்தயத்துக்குப் பேர் கொடுத்திருந்தான். அன்றைக்குக் கட்டாயம் போயே தீருவேன் என்று அடம் பிடித்ததற்கும் அதுதான் காரணம். கடிதத்தில் எழுதாவிட்டால் அவன் வாய் திறந்து சொல்லப் போவதில்லை.

இதை எழுதிக் கொடுத்ததால் வராத நாள் வந்த நாளாக மாறாது. அரசுப் பள்ளிகளில் காலையிலேயே செயலியில் வருகையைப் பதிந்துவிடுகிறார்கள். கடிதத்தின் வேலை, ஏன் வரவில்லை, இப்போது எப்படி இருக்கிறான் என்று சொல்வது மட்டும்தான். வாட்ஸ்அப்பில் சொல்லிவிட்டோமே என்பீர்கள். முதல் நாள் காலையில் ஒரு வரி அனுப்புவது நல்லதுதான். ஆனால் குரூப்பில் போடாதீர்கள், ஆசிரியருக்குத் தனியாக அனுப்புங்கள். குரூப்பில் போட்டால் நாற்பது பேர் 'டேக் கேர்' போட்டு, உங்கள் செய்தி மேலே போய்விடும். திரும்பி வரும் நாளில் டைரியிலோ காகிதத்திலோ எழுதியது இருந்தால், வகுப்பாசிரியர் அன்று லீவு என்றாலும் பதிலுக்கு வருகிறவர் படித்துக்கொள்வார்.

டாக்டர் டெங்கு, அம்மை, தட்டம்மை என்று உறுதியாகச் சொல்லிவிட்டால் மட்டும் நாலாம் நாள் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். தெரிந்த அன்றே பள்ளிக்குப் போன் போடுங்கள். மொட்டைமாடித் தொட்டியைப் பார்ப்பதா, அதே பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளைகளின் வீட்டுக்குச் சொல்வதா என்று அவர்கள் முடிவு செய்ய வேண்டியது அன்றைக்குத்தான்.